பதினைந்து காசு கார்டு

1989-இல் அடையாற்றில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த அன்று சாயங்காலம், லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கச்சேரி சாலை தபால் நிலையத்துக்குப் போனேன். பதினைந்து காசுக்கு ஒரு கார்டு வாங்கி, நின்றபடியே எழுதினேன்.

அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவர் பாண்டி பஜாரில் ஒரு மாடியறையில் கன்சல்டன்சி நடத்தியவர். சாந்தோம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டை பையிலேயே கிடந்த காலம். என் பயோடேட்டாவின் அடியில் கிடந்த 'டைப்ரைட்டிங் ஹையர்' என்ற வரியை மேலே ஏற்றச் சொன்னது அவர்தான். என் பெயர், அலுவலகம், இன்று சேர்ந்துவிட்டேன், அந்த ஒரு வரியை மாற்றச் சொன்னதற்கு நன்றி. கார்டில் இவ்வளவுதான் இருந்தது.

சில மாதம் கழித்துப் போனபோது அந்தக் கார்டு ஃபைலில் குத்தியிருந்தது. "நீ சேர்ந்தப்புறம்தாம்மா கம்பெனி எனக்குப் பணம் தரும். சேர்ந்தேன்னு யாரும் எழுதறதில்ல" என்றார்.

போன மாதம் என் மகள் கன்சல்டன்சி நடத்தும் ஓர் அம்மா மூலம் புது வேலையில் சேர்ந்தாள். மத்தியானம் போன் செய்து, "தேங்க்ஸ் சொல்லியாச்சும்மா" என்றாள். ராத்திரி அவள் போனை வாங்கிப் பார்த்தேன். 'தேங்க் யூ மேடம்', பக்கத்தில் இரண்டு கூப்பிய கைகள். அந்த அம்மாவின் போனில் இவள் பெயர் பதிவாகியிருக்குமா என்பதே சந்தேகம். அந்த வாரம் எத்தனை பேரை எத்தனை கம்பெனிக்கு அனுப்பினாரோ!

பாண்டி பஜார்க்காரர் சொன்ன கணக்கு இன்றும் பெரிதாக மாறவில்லை. வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், பரவலாக வழங்கும் கட்டணம். ஆள் சேர்ந்தால்தான் அது கைக்கு வரும். ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, நோட்டீஸ் காலத்துக்குள் வேறு இடத்துக்குப் போய்விடுகிறவர்கள் நிறைய. ஆகவே சேரும் நாள்வரை கன்சல்டன்சிக்காரர்களுக்கு நிம்மதி கிடையாது.

அன்று ராத்திரியே நானும் மகளும் உட்கார்ந்து நன்றியைத் திருப்பி எழுதினோம். முழுப் பெயர், வேலை, கம்பெனி. சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து இன்று சேர்ந்துவிட்டேன். பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டரைத் தாமதித்தபோது, சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளிவைக்க நீங்கள் பேசியதை மறக்கமாட்டேன், நன்றி. புது அடையாள அட்டையைப் படமெடுத்துச் சேர்த்திருந்தாள். அதை எடுக்கச் சொன்னேன். அதில் இருக்கும் எண்ணும் முகமும் கம்பெனிக்கு உள்ளே இருக்க வேண்டியவை. தோழிக்கு வேலை கேட்கும் வரியையும் இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்தோம். நன்றியோடு வேண்டுகோளும் வந்தால், படிப்பவருக்கு வேண்டுகோள்தான் நிற்கும்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "அந்த கம்பெனி எச்.ஆர். இன்னும் எனக்குச் சொல்லலைம்மா. நீ சொல்லித்தான் தெரியும். காலையிலேர்ந்து போனையே பார்த்துட்டிருந்தேன்."