கேள்வி இங்கே, பதில் இதோ!

என் மகளின் வீட்டுப்பாடத் தாளில் ஒரு கணக்கு: '100 மீட்டர் நீளமுள்ள சாலையோரம் 5 மீட்டர் இடைவெளியில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. எத்தனை கன்றுகள் தேவை?' மகள் 21 என்கிறாள். அவள் அப்பா 42 என்கிறார். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. யார் சொல்வது சரி?
- ஒரு தாய், தேனி

இரண்டும் சரி. முதலில் சாப்பாடு போடுங்கள்.

100-ஐ 5-ஆல் வகுத்தால் 20. அது இடைவெளிகளின் எண்ணிக்கை. சாலையின் தொடக்கத்திலும் முடிவிலும் கன்று நட்டால், இடைவெளியைவிடக் கன்று ஒன்று கூடும். ஆகவே 21. அப்பாவும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அவர் மனக்கண்ணில் இரண்டு ஓரமும் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. ஓரம் ஒன்றா இரண்டா என்று கேள்வி சொல்லவில்லை. நிழல் வேண்டும் என்றால் நான் அப்பா கட்சி. மதிப்பெண் வேண்டும் என்றால் மகள் கட்சி. காரணம் உண்டு: இரண்டு ஓரமும் வேண்டுமென்றால் 'இருபுறமும்' என்று கணக்கிலேயே போடுவது வழக்கம். சொல்லாததைக் குறைவாகச் சேர்த்துக்கொள்ளும் பொருள்தான் முதல் விடைக்கு ஏற்றது.

மகளை இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'சாலையின் ஓர் ஓரத்தில் மட்டும், இரு முனைகளிலும் கன்று உண்டு எனக் கொள்கிறேன். இடைவெளிகள் 100 ÷ 5 = 20. கன்றுகள் 20 + 1 = 21. இருபுறமும் நட்டால் 21 × 2 = 42.'

அந்த 'எனக் கொள்கிறேன்' கணக்குக்கு முன்னால் வர வேண்டும். அப்போது திருத்துபவர் ஒவ்வொரு வரியையும் அதை வைத்தே படிப்பார். விடைக்குப் பின்னால் ஒட்டினால், மாட்டிக்கொண்ட பிறகு சொல்லும் சாக்கு மாதிரி தெரியும். அப்பாவின் விடைக்குக் கடைசியில் ஒரே வரி போதும். இரண்டையும் சம அளவில் எழுதிவிட்டு 'எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்' என்றால், அது விடையல்ல, ஹோட்டல் மெனு.

8÷2(2+2) = 16-ஆ, 1-ஆ?
- வாசகர், திருச்சி

2019-இல் இணையத்தில் பெரும் சண்டை மூட்டிய கணக்கு இது. எழுதியவர் இன்னும் ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும்.

உங்களுக்குப் பிடித்த எண்?
- வாசகர், கரூர்

இந்த வாரம் 21.

எங்கள் வகுப்பிலும் அதே மரக்கன்று கணக்கு. நான் 21 எழுதினேன். விடைக்குறிப்பில் 20 இருக்கிறது என்று தப்பு போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?
- ஏழாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

உன் கோபம் நியாயமானது, தாயி. 20 எப்போது சரி என்று முதலில் பார்ப்போம். 100 மீட்டர் சுற்றளவுள்ள குளத்தைச் சுற்றி நட்டால் 20. தொடங்கிய இடத்திலேயே முடிவதால் கடைசிக் கன்று தனியாகத் தேவையில்லை. நேர்ச் சாலையிலும் ஒரு முனையில் கன்று நட முடியாமல் வாசலோ பாலமோ இருந்தால் 20 வரும். இரு முனையிலும் முடியாவிட்டால் 19. உன் கேள்வியில் குளமும் இல்லை, வாசலும் இல்லை. விடைக்குறிப்பு எழுதியவர் வகுத்ததோடு நிறுத்திவிட்டார் என்றே தோன்றுகிறது.

இந்தச் சறுக்கல் மிகப் பழையது. 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதற்காகவே சிலரைக் கண்டித்திருக்கிறார். கோவிலின் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்று, முகப்பில் 6 தூண் என்றால் பக்கத்தில் 12 தூண் நிறுத்திவிட்டார்களாம். இரட்டிக்க வேண்டியது தூணை அல்ல, இடைவெளியை. முகப்பில் 5 இடைவெளி, பக்கத்தில் 10. ஆகவே தூண் 11.

ஆசிரியரிடம் ரோமாபுரியைக் கொண்டுபோக வேண்டாம். 10 மீட்டர் சாலை ஒன்று வரைந்து கொண்டுபோ. 0, 5, 10 ஆகிய இடங்களில் புள்ளி வை. வகுத்தால் 2 வருகிறது, புள்ளியோ 3. 'டீச்சர், முனையில் கன்று இல்லை என்று கொள்ள வேண்டுமா?' என்று கேள். அடுத்த முறை உன் அனுமானத்தை முதல் வரியிலேயே எழுதிவிடு. 21 எங்கிருந்து வந்தது என்பது தாளிலேயே தெரிந்துவிட்டால், தப்பு போடுமுன் யாரும் ஒரு கணம் நிற்பார்கள்.

அப்படியானால் எந்தக் கணக்குக்கும் 'எனக் கொள்கிறேன்' போட்டுத் தப்பிக்கலாம்தானே?
- கல்லூரி மாணவர், சேலம்

முடியாது, தம்பி. கேள்வி 5 மீட்டர் என்று சொன்னால் நீங்கள் 10 மீட்டர் எனக் கொள்ள முடியாது. கேள்வி வாய் திறக்காத இடத்தில்தான் உங்களுக்குப் பேச உரிமை. அங்கேயும் கணக்கையே காணாமல் அடிக்கும் அனுமானம் செல்லாது.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளில் அனுமானத்தை எங்கே எழுதுவது?
- போட்டித் தேர்வர், மதுரை

எழுத இடமில்லை. 20, 21, 42 மூன்றும் கொடுத்திருந்தால் கேள்விக்கு எதையும் கூடுதலாகச் சேர்க்காத 21-ஐக் குறியுங்கள். 21 இல்லாமல் 42 மட்டும் இருந்தால், கேட்டவர் இருபுறமும் நட்டுவிட்டார் என்று புரிந்துகொள்ளுங்கள். உத்தேச விடை வந்ததும் ஆட்சேபணை கேட்பார்கள் அல்லவா, கேள்வி விட்டுவைத்த ஓட்டையை அங்கே எழுதி அனுப்புங்கள்.