பாதிப் பாதியாய்

கேள்வி: கதிரியக்கத்திலும் 'அரை ஆயுள்', மருந்திலும் 'அரை ஆயுள்'. என்ன உறவு? (ஒரு வாசகர், திருமழிசை)

பதில்: ரத்த உறவு இல்லை, கணக்குப்பிள்ளை ஒருவரே. தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131இன் அணுவுக்கு மூப்பே கிடையாது. நேற்று உருவானதும் போன வாரத்ததும் இன்று சிதைய ஒரே வாய்ப்புதான். அதனால் 8 நாளில் பாதி, 16 நாளில் கால். மருந்தைச் சிறுநீரகம் வடிகட்டத்தானே செய்கிறது, சிதைப்பதில்லையே என்பீர்கள். அதுவும் மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடுப்பதில்லை. ரத்தத்தில் இருப்பதில் இத்தனை பங்கு என்றே எடுக்கிறது. தைராய்டிலிருந்து அயோடின் பாதி வெளியேற 80 நாள் என்று வையுங்கள். சிதைவும் வெளியேற்றமுமாக இரண்டு வாசல் திறந்திருப்பதால் 7.3 நாளிலேயே பாதியாகிவிடும். சாராயம் மட்டும் முரண்டு பிடிக்கும். ஈரலின் நொதிகளுக்குக் கை ஓயாத வேலை, ஆகவே மணிக்கு இவ்வளவு என்றுதான் கரையும். அங்கே 'அரை ஆயுள்' செல்லாது; குடிப்பவருக்கு வேண்டுமானால் பொருந்தும்.