தள்ளிப்போன முகூர்த்தமும் திரும்பாத அட்வான்ஸும்

வானூர் வட்டாரத்தில் ஒரு கல்யாணம் தள்ளிப்போனால், அந்தச் செய்தி கடைசியாகப் போய்ச் சேரும் இடம் போட்டோ ஸ்டுடியோ. சம்பந்தி வீடு, மண்டபம், பத்திரிகை அடித்த அச்சகம் எல்லாவற்றுக்கும் அன்றே தெரிந்துவிடும். சமையல்காரருக்கு யாரும் சொல்லவே வேண்டாம். பரிமாற வரும் பையன்களில் ஒருவன் அதே தெருக்காரனாக இருப்பான். போட்டோகிராபருக்குச் சொல்வதில் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரு தயக்கம். அவரிடம் அட்வான்ஸ் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்க முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி. அது பின்னால் வரும்.

முதலில் யார் பேசுவது என்பது தீர வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தது தாய்மாமன். கொடுக்கச் சொன்னது அப்பா. ஸ்டுடியோவைப் பிடித்துத் தந்தது அப்பாவின் சகலை. ஆல்பத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது பொண்ணு. ஆகவே இந்த நால்வரில் எவரும் பேச மாட்டார்கள். சித்தப்பா மகன் ஒருவன் எல்லா வீட்டிலும் இருப்பான், அவன் கையில் போன் கொடுக்கப்படும். எவ்வளவு கொடுத்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது. இந்த அறியாமைதான் அவனுடைய தகுதி.

அவன் பேச்சைத் தொடங்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. “அண்ணே, சாப்டாச்சா?” என்று ஆரம்பிப்பான். மணி காலை பத்தரை. எந்தச் சாப்பாடு என்று இருவருக்கும் தெரியாது. “ஆச்சு தம்பி, நீங்க?” “ஆச்சுண்ணே.” அடுத்து மழை. “திண்டிவனம் பக்கம் பெய்யுதாண்ணே?” “லேசா தூறுச்சு.” “இங்க ஒண்ணுமே இல்லண்ணே.” பிறகு தொழில் எப்படிப் போகுது, சீசன் எப்படி, அந்தப் பழைய பையன் இன்னும் வேலைக்கு வர்றானா, ட்ரோன் புதுசா எடுத்தீங்களாமே. ட்ரோனைப் பற்றிப் போட்டோகிராபர் பேசத் தொடங்கினால் யாராலும் நிறுத்த முடியாது. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், போன வாரம் மயிலம் கோயில் கல்யாணத்தில் எந்தப் பக்கமிருந்து பறக்கவிட்டார், காற்று எப்படித் தள்ளியது, அது யார் வீட்டு மொட்டை மாடியில் இறங்கியது, அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார். சித்தப்பா மகன் “ஓகோ”, “அப்படியா” என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பக்கத்தில் நிற்கும் அப்பா, சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டுவார். தாய்மாமன், பணத்தைப் பற்றி இப்ப பேசாதே என்று எதிர்ப்பக்கம் கையை ஆட்டுவார். பிறகு ஒரு மௌனம் வரும். “அப்புறம் தம்பி?” “அப்புறம் ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான் போட்டேன்.” போன் வைக்கப்படும். முகூர்த்தம் தள்ளிப்போன செய்தி இன்னும் வானூரைத் தாண்டவில்லை.

அண்மையில் இந்தப் பக்கத்து வீடொன்றில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆவணி வளர்பிறை முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பங்காளி வீட்டில் சாவு. தீட்டு என்பதால் கல்யாணத்தைத் தை மாதத்துக்கு மாற்றினார்கள். போட்டோ, வீடியோ இரண்டுக்கும் சேர்த்துப் பேசியது 80,000 ரூபாய், அட்வான்ஸ் 20,000. சாப்பாட்டுக்கு ஆயிரம் இலை, அட்வான்ஸ் 30,000. வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்ததால் இரண்டுக்கும் ரசீது இல்லை.

கேட்டரிங்காரரோடு விஷயம் சீக்கிரம் முடிந்தது. அரிசி, எண்ணெய், மளிகையைப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் முன்புதான் இறக்குவார்கள். காய்கறியும் பாலும் முதல் நாள்தான். பன்னிரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டதால் அவர் கையைவிட்டுப் போனது மாஸ்டருக்கும் பரிமாறும் ஆட்களுக்கும் கொடுத்த முன்பணம் மட்டும். அவர்களையும் தைக்கு வரச் சொல்லிவிட்டார். 30,000 அப்படியே புதுத் தேதிக்கு வரவு. இலைக்கு இருபது ரூபாய் ஏற்றிக்கொண்டார், அதாவது மொத்தத்தில் இன்னொரு இருபதாயிரம். பெருந்தன்மைக்கு இந்த ஊரில் எப்போதும் ஒரு விலை உண்டு.

போட்டோகிராபர் விஷயம் வேறு. அவர் எதையும் வாங்கி வைக்கவில்லை, எதுவும் அழுகப் போவதில்லை. அவர் விற்றது ஒரு தேதி. ஆடியிலும் மார்கழியிலும் வேலை கிடையாது. மற்ற மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் கொஞ்சம்தான். அந்த ஒரு நாளுக்காக வேறு கல்யாணத்தை விட்டிருந்தால் அவருக்கு நஷ்டம் உண்மை. கேண்டிட் எடுக்கப் புதுச்சேரியிலிருந்து வரும் ஆளுக்கு முன்கூட்டிக் கொடுத்திருந்தால் அதுவும் உண்மை. ஆனால் தையில் அவருக்கு ஏற்கெனவே வேறு கல்யாணம் இருந்தது. “நம்ம பையனை அனுப்பறேன், என்னைவிட நல்லா எடுப்பான்” என்றார். அப்படியானால் இதுவரை அவனையே அனுப்பியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. 20,000 பற்றி, “நம்மகிட்டதானே இருக்கு, எங்க போயிடப் போகுது?” என்றார். அது எங்கும் போகவில்லை என்பது முழுக்க உண்மை.

சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டு நிலைகளைப் பிரிக்கிறது: நடத்தவே முடியாமல் போவது, நடத்த முடிந்தும் ஒருவர் நிறுத்துவது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் மண்டபத்துக்குப் போகவே முடியாமல் போனால் ஒப்பந்தம் தானாக விழும் (பிரிவு 56); வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் (பிரிவு 65). தீட்டு அப்படியல்ல. மண்டபமும் இருக்கிறது, கேமராவும் இருக்கிறது; நிறுத்தியது குடும்பம். எனவே போட்டோகிராபர் நஷ்ட ஈடு கேட்கலாம். ஆனால் பிரிவு 74இன்படி அது நியாயமான அளவுதான். அட்வான்ஸ் என்பதற்காக முழுவதையும் விழுங்க முடியாது.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நன்றாகப் பொருந்தும். டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் ஒரு மனையை ஏலம் விட்டு, கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் கட்டிய 78 லட்சம் முன்பணத்தைப் பிற்பாடு பறிமுதல் செய்தது. அதே மனை மறு ஏலத்தில் 11.78 கோடிக்குப் போனது. நஷ்டமே இல்லாதபோது பறிமுதல் எதற்கு என்று கேட்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். மனைக்குப் பதில் ஆவணி முகூர்த்தத்தை வைத்துப் பார்த்தால் வழக்கு வானூருக்கு வந்துவிடும். விட்ட தேதியை இன்னொருவருக்கு விற்றுவிட்டால் பிடித்து வைக்கக் காரணம் அநேகமாக இல்லை. ஆனால் ஏலத்திலிருந்து தீர்ப்பு வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. இந்தத் தம்பதிக்கு அதற்குள் அறுபதாம் கல்யாணம் நெருங்கிவிடும். விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ரசீது இல்லாவிட்டால் ஜிபே பதிவோ வாட்ஸ்அப் செய்தியோ உதவும். வெற்றிலை பாக்கு உதவாது.

தேதி விற்றதா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய முகூர்த்த நாளன்று போட்டோகிராபரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தால் போதும். மேலே சொன்ன வீட்டுக்காரர்கள் அன்று பார்த்தபோது, திண்டிவனம் மண்டபமொன்றில் வேறு யாரோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே அதே ஸ்டுடியோ பெயர், ட்ரோன் காட்சியும் இருந்தது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.