தாசில்தார் (ஓய்வு)

ஓய்வுபெற்ற தாசில்தார்களை வங்கியில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். கணக்கு தொடங்கும் படிவத்தை மடமடவென்று நிரப்பிக்கொண்டு வருபவர், 'தொழில்' என்ற இடத்தில் நின்றுவிடுவார். சம்பளக்காரர், வியாபாரம், விவசாயம், இல்லத்தரசி, ஓய்வுபெற்றவர் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒன்றில் டிக் அடித்தால் முடிந்தது. அவருக்கு மனசு வராது. 'மற்றவை' என்ற கோட்டில் பழைய பதவியை விலாவாரியாக எழுத ஆரம்பித்து, முகவரிக் கட்டத்துக்குள் இறங்கிவிடுவார்.

"சார், ஓய்வுபெற்றவர்னு ஒரு டிக் போதும்" என்பார் கவுன்ட்டர் பெண்.

"எங்க ஆபீஸ் பியூனும் ரிட்டயர்டுதாம்மா. அவருக்கும் இதே டிக்தானா?"

அடுத்தது ஆண்டு வருமானம். மாதப் பென்ஷன் 42,000 ரூபாய். அதையே எழுதிவிட்டுப் பெருமையாக நிமிர்வார். அந்தக் கணக்கில்தான் பென்ஷன் விழப்போகிறது. ஆண்டுக்கு 42,000 வருமானம் என்றவர் கணக்கில் மாதாமாதம் 42,000 விழுந்தால், எங்கிருந்து வருகிறது என்று வங்கி விசாரிக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 5,04,000. டெபாசிட் வட்டி இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு, அந்தத் தொகை எந்த வரம்புக்குள் வருகிறதோ அதில் டிக் அடிக்க வேண்டும்.

மனைவியின் படிவத்தையும் அவரேதான் நிரப்புவார். இங்கே தயக்கமே கிடையாது. தொழில்: இல்லத்தரசி. வருமானம்: இல்லை. பணம் வரும் வழி: கணவர். மூன்றும் மூன்று விநாடியில் முடிந்துவிடும்.

"ஏங்க, மாடி வாடகை எட்டாயிரம் என் பேர்லதானே வருது?"

தாலுகாவில் எந்தப் பட்டா யார் பேரில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொன்னவருக்கு, சொந்த வீட்டு மாடி யார் பேரில் என்பது அப்போதுதான் ஞாபகம் வரும்.

"எங்கப்பா நிலம் வித்த பங்கு அஞ்சு லட்சம் டெபாசிட்ல இருக்கே, அந்த வட்டி?"

கவுன்ட்டர் பெண் கால்குலேட்டரை எடுப்பார். வாடகை ஆண்டுக்கு 96,000. ஏழு சதவீத வட்டி 35,000. ஆக 1,31,000.

"அப்ப இல்லத்தரசிங்கிறதை மாத்தணுமா?" என்பார் இவர்.

"வேண்டாம் சார். தொழில் வேற, வருமானம் வேற. தொழில் அப்படியே இருக்கட்டும். வருமானத்துல இந்தத் தொகையைக் காட்டி, பணம் வரும் வழியில வாடகை, வட்டின்னு எழுதுங்க. அம்மாவுக்குச் சொந்தமா எந்த வரவும் இல்லேன்னாதான் 'இல்லை'ன்னு போட்டு, கணவர் வருமானம்னு காட்டணும்."

இவர் 'இல்லை'யை அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் பக்கத்திலேயே தன் சுருக்கொப்பத்தைப் போடப் போவார்.

"சார், சார்! அடிச்ச இடத்துல அம்மாதான் கையெழுத்துப் போடணும். உங்க கையெழுத்து செல்லாது."