படத்தைத் திருத்துபவர்

அச்சுவேலிப் பக்கத்தில் பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதுபவர் பெரும்பாலும் இளைப்பாறிய ஆசிரியராகவோ தபாலதிபராகவோ இருப்பார். தலைப்புச் செய்தி எதுவாயினும் அவருக்குக் கவலையில்லை. முதலில் படத்தைப் பார்ப்பார், பிறகு அதன் கீழுள்ள வரியை. இரண்டும் பொருந்திவிட்டால் அன்றைய பேப்பர் வீண்.

அவருக்கு வாய்க்கும் விருந்து ஆவணித் திருவிழாக் காலத்தில் வரும். உதாரணமாக, இரவில் மின்விளக்கொளியில் நகரும் சப்பறம். கீழே, ‘நல்லூர்க் கந்தனின் சப்பறத் திருவிழா’. பத்திரிகைக் கந்தோரில் இருப்பவர் ஏமாறக் காரணமுண்டு. நல்லூரிலும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் மூலவர் வேல்தான். சப்பறங்களும் கூட்டத்துக்கு நடுவே ஒன்றுபோலத் தெரியும். ஆனால் படத்தின் மூலையில், பனைக்கு மேலே, உருண்டையாக ஒரு நிலவு நிற்கிறது. திருத்துபவருக்கு அது போதும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், ஆவணி அமாவாசையன்று தீர்த்தம். ஆகவே நல்லூர்ச் சப்பறத்தன்று இரவு வானம் இருட்டு. தேய்பிறைக் கீற்று விடியப்புறந்தான் எழும். சந்நிதியில் அமாவாசையில் கொடியேறி, பூரணையில் தீர்த்தம். அங்கே சப்பறத்தன்று நிலவு பொழுது சாயும் முன்பே கிழக்கில் ஏறி, இரவெல்லாம் காயும். நிலவு மட்டும் போதாதென்றால், வெள்ளைத் துணியால் வாய்கட்டி நிற்கும் பூசகர் படத்தில் எங்கேனும் அகப்படுகிறாரா என்று பூதக்கண்ணாடியால் தேடுவார். வாய்கட்டிப் பூசை செய்வது சந்நிதி வழக்கம். அது கிடைத்தால் வழக்கு முடிந்தது.

படத்தை வெட்டியெடுத்து, பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் விரித்துக் கடிதம் தொடங்குவார். ‘கனம் பத்திராதிபர் அவர்கட்கு’ என்ற விளிப்புக்குப் பின் முதல் பக்கம் பத்திரிகையின் அருமை பெருமை. இரண்டாவதில் சந்நிதியின் வரலாறு. நிலவு மூன்றாம் பக்கத்தில்தான் உதிக்கும். கடிதம் அச்சேறாமற் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்றாலும், அதை அவரிடம் சொல்ல ஆளில்லை.

“இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது,” என்று மனைவி இரண்டு தரம் கூப்பிடுவார்.

“பொறும், அமாவாசைக்கு வந்திட்டன்,” என்பார்.

எல்லாப் பிழைக்கும் எழுதமாட்டார். பள்ளிக்கூடப் பரிசளிப்புப் படத்தில் ‘இடமிருந்து வலமாக’ என்ற வரிசை பிசகி, பக்கத்தில் நின்ற பிரமுகரின் பட்டம் தன் பேருக்கு முன்னால் விழுந்துவிட்டால், அந்தப் பேப்பர் பத்திரமாக மடித்து அலுமாரிக்குள் போகும்.

சப்பறக் கடிதத்துக்கு ஒரு வாரம் கழித்து ஐந்தாம் பக்க மூலையில் இரண்டு வரி வரும்: படம் செல்வச்சந்நிதியினுடையது, தவறுக்கு வருந்துகிறோம். நிலவும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. வெட்டப்பட்ட மிச்சத்தை அவர் சந்தைக்கு வருபவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி முடிக்க அடுத்த கொடியேற்றம் வந்துவிடும்.