பத்திக்குள்ள பூந்த பேராண்டி

வாடா பேராண்டி. பத்திய மூணு தடவ படிச்சுட்டு நாலாவது தடவைக்குத் தெம்பு வேணும்னு காப்பி கேட்டியாமே, அப்பத்தா சொன்னா. கேள்விய மட்டும் சரியாப் பாக்கலையாம். அதையும் பாத்துட்டா அப்புறம் சோலி இருக்காதுல்ல?

பத்தி என்ன, நம்ம முல்லைப் பெரியாறு. எங்க, வாசி.

"999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் 1886இல் கையெழுத்தானது. மறு ஆண்டே பென்னிகுவிக்கின் மேற்பார்வையில் பணி தொடங்கியது. பெருவெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. மலேரியா தொழிலாளர்களை வாட்டியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் எழுந்த அணை 1895இல் திறக்கப்பட்டது."

மொதக் கேள்வி: பணி எந்த ஆண்டு தொடங்கியது? நீ எழுதினது 1886. ஏன்? மொதல்ல கண்ணுல பட்ட வருசம் அதுதான். பந்தியில மொத எலையில உக்காந்தவனுக்கெல்லாம் மாப்பிள்ளைன்னு மாலை போட்ட கதை! வருசத்தத் தேடாத. பத்தியில ரெண்டு வருசம் நிக்குது, ரெண்டும் இதுக்கு ஆகாது. 'தொடங்கியது'ன்னு தேடு, ரெண்டாவது வாக்கியத்துல அகப்படும். அங்க எண்ணே இல்ல, 'மறு ஆண்டே'ன்னு இருக்கு. எதுக்கு மறு ஆண்டு? ஒரு வரி மேல ஏறு. 1886க்கு மறு வருசம் 1887. கேள்வி எழுதுன வாத்தியார் லேசுப்பட்டவர் இல்ல. 'மறு', 'அவர்', 'இதனால்'னு ஏதாச்சும் கண்ணுல பட்டா மேல் வரியப் பாக்காம பேனாவத் தொறக்காத.

ரெண்டாவது: பணிக்கு நேர்ந்த இடையூறுகள் யாவை? 'இடையூறு'ங்கிற சொல்லத் தேடித் தேடிக் கண்ணு பூத்து, பத்தியிலயே இல்லைன்னு விட்டுட்டியே, கெட்டிக்காரா! அது அங்க இருக்காதுடா. பேரும் எண்ணும்னா பெரும்பாலும் அப்படியே இருக்கும், மத்த சொல்லெல்லாம் வேசம் கட்டிக்கிட்டு நிக்கும். அதனால அர்த்தத்தத் தேடணும். வேலையக் கெடுத்தது எது? 'அடித்துச் சென்றது'ன்னு ஒரு வரி இருக்கு. 'வெள்ளம்'னு எழுதிட்டு மூடி வைக்கக் கை பரபரக்கும். பொறு, கேள்வியோட வாலப் பாரு. 'யாது'ன்னு கேக்கல, 'யாவை'ன்னு கேட்டிருக்கு. ஒண்ணோட தீராது. அடுத்த வரியில மலேரியா உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு.

கடைசிக் கேள்வி: சாந்தில் கலந்தவை யாவை? இதுக்குச் சரியான வாக்கியத்தையே புடிச்சுட்ட, பாராட்டலாம்னு வந்தேன். அதுக்குள்ள வாக்கியம் மொத்தத்தையும் எழுதி அணையத் தெறந்தே வச்சுட்டியே! எது விடைன்னு உனக்கே தெரியலை போலன்னுதான் திருத்துறவர் நெனப்பார். சுண்ணாம்பு, சுர்க்கி, அம்புட்டுத்தான். மிச்சக் கோட்டுல எழுத ஒண்ணும் இல்லையேன்னு மனசு கேக்கலைன்னா ஒரு பூ வரஞ்சு வை. மார்க்கு போட மாட்டாரு, ஆனா சிரிச்சுக்கிட்டே திருத்துவாரு.