கேளுங்கள், தூள் பறக்கட்டும்!

கே: புதிதாக வாங்கிய காம்பாக்ட்டைத் திறந்தால், பவுடர் மேல் துணி பதிந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இழைக்கோடுகள். யாரோ பயன்படுத்தியதை என் தலையில் கட்டிவிட்டார்களா?
– புதுமணப்பெண், புதுக்கோட்டை

ப: இல்லவே இல்லை, தாயே! யாருடைய கையும் படவில்லை என்பதற்கு அந்த இழைக்கோடுகளே சாட்சி. இப்படி ஒரு கேள்வி வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். உட்காருங்கள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆலையில் டால்க், மைக்கா, நிறமி எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து, அதன்மேல் கொஞ்சம் எண்ணெய் தெளிப்பார்கள். துகளைத் துகளோடு பிடித்து நிறுத்துவது இந்த எண்ணெய்தான். இதை பைண்டர் என்பார்கள். பெரும்பாலும் மொத்த எடையில் 100-க்கு 10 பங்குக்குள் அடங்கிவிடும். பிறகு சலித்து, சின்ன உலோகத் தட்டில் கொட்டி, மேலிருந்து பிரஸ்ஸால் அழுத்துவார்கள். அந்த அச்சு நேரடியாகப் பவுடர் மேல் இறங்கினால் இரண்டு வில்லங்கம் உண்டு. பவுடர் அச்சோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விடும். துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அழுத்தம் விலகியதும் அது விரிந்து, பவுடரில் கீறல் விடும். இதற்காகத்தான் அச்சுக்கும் பவுடருக்கும் நடுவே துணி நாடா ஓட விடுகிறார்கள். காற்று இழை வழியாகத் தப்பித்துக்கொள்ளும், பவுடரும் ஒட்டாது. ஒவ்வொரு அழுத்துக்கும் நாடா நகர்ந்து புது இடம் வரும். நீங்கள் பார்த்தது அந்த நாடாவின் கைநாட்டு!

ஜன்னலோரம் போய்ச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இழைகள் விளிம்பு வரை ஒரே கூர்மையாக இருந்தால் அழுத்தம் சீராக விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் அங்கே தூள் குறைவாக விழுந்திருக்கும். உதிர்வதும் அங்கேதான் முதலில் ஆரம்பிக்கும். சில கம்பெனிகள் பூ, பட்டாம்பூச்சி என்று அச்சுப் போட்டு, மேலே தங்க நிறத்தைத் தெளித்துத் தருகின்றன. அந்தத் தங்கம் மேல்தோலில் மட்டும்தான். பஃப்பை நாலு தடவை ஒற்றினால் போயே போச்சு. அதற்காக அதிகக் காசு கொடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்கு அந்தச் சாதா துணி இழைதான் அழகு.

கே: சிறந்த காம்பாக்ட் எது?
– அவசரக்காரி, அரக்கோணம்

ப: பகல் வெளிச்சத்தில் தாடையோரம் தடவினால் எது கண்ணுக்குத் தெரியவில்லையோ, அது.

கே: ஐ ஷேடோவில் பிரஷ் வைத்ததுமே தூள் பறந்து தட்டைச் சுற்றிச் சிதறுகிறது. மட்டமான சரக்கா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

ப: அதை வைத்து மட்டமென்று சொல்லிவிட முடியாது. நிறமி அதிகம், பைண்டர் குறைவு, அழுத்தமும் மென்மை என்று செய்த ஐ ஷேடோ, பிரஷ் தொட்டதும் தாராளமாக நிறம் தரும். கூடவே தூளையும் வாரி இறைக்கும். இறுக்கி அழுத்தினால் தூள் பறக்காது, நிறமும் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்கத்தான் தயாரிப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அடர் நிற, மினுமினுப்பில்லாத ஷேடுகளில் இந்தச் சிதறல் கூடுதல்.

நீங்கள் பிரஷ்ஷைத் தட்டுக்குள் சுழற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சுழற்றாதீர்கள். நுனியால் ஓர் ஒற்று, தட்டின் ஓரத்தில் ஒரு தட்டு, பிறகு இமைக்குக் கொண்டுபோங்கள். கண்ணை முடித்துவிட்டு முகத்துக்கு வந்தால், கன்னத்தில் விழுந்த தூளைத் துடைத்துக்கொள்ளலாம். பறப்பது மாவாக இருக்கும் வரை கவலை வேண்டாம். பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தாலோ, தட்டுக்கும் பவுடருக்கும் நடுவே ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோதான் அது தயாரிப்புக் குறை. கடைக்குப் போய்ச் சண்டை போடுங்கள், நான் உங்கள் பக்கம்.

கே: காம்பாக்ட்டை நனைத்த பஞ்சால் போடலாமா?
– வாசகி, வந்தவாசி

ப: ஈரமாகவும் போடலாம் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும்.

கே: பாதிதான் தீர்ந்திருக்கிறது. அதற்குள் நடுவில் பளபளவென்று ஒரு தடம். எவ்வளவு தேய்த்தாலும் பவுடர் வருவதில்லை.
– ஆசிரியை, ஆத்தூர்

ப: டீச்சர், பஃப்பைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள்? கோபப்படாதீர்கள், இந்தப் பகுதியின் பழைய வாசகிகள் எல்லாரும் என்னிடம் இந்தக் கேள்வியை வாங்கியவர்கள்தான்.

முகத்து எண்ணெயும் வியர்வையும் பஃப்பில் ஏறும். பஃப் அதைக் கொண்டுவந்து பவுடர் மேல் வைத்து அழுத்தும். ஆலை அளந்து போட்ட எண்ணெய்க்கு மேல், உங்கள் நெற்றி அளக்காமல் கொடுத்த எண்ணெயும் சேர்ந்துவிட்டது. நாளுக்கு நாள் அழுத்த அழுத்த, மேல்பரப்பு இறுகி மெல்லிய ஓடாகிவிடும். பளபளப்பது அந்த ஓடு. அடியில் நல்ல பவுடர் அப்படியே இருக்கிறது.

கொஞ்சம் செல்லோடேப் எடுத்து அந்த இடத்தில் லேசாக ஒட்டி உரித்தெடுங்கள். மெழுகு பூசியது மாதிரி ஒரு படலம் டேப்போடு வரும். அழுத்தி ஒட்டினால் கட்டியாகப் பெயர்ந்துவிடும், ஜாக்கிரதை. இரண்டு மூன்று முறை எடுத்ததும் அடியில் மங்கலான, மாவு மாதிரியான பரப்பு தெரியும். அங்கே நிறுத்திவிட்டு, சுத்தமான காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் சில நாள் பயன்படுத்திப் பாருங்கள். மறுபடி ஓடு கட்டாவிட்டால் குற்றவாளி பஃப்தான். சுத்தமான பிரஷ்ஷுக்கும் ஓடு கட்டினால், ஆலையில் பைண்டர் கூடிவிட்டது, அல்லது அழுத்தம் கூடிவிட்டது. பஃப் நிரபராதி என்று விடுவித்துவிடலாம். ஆனாலும் வாரம் ஒருமுறை துவையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே டப்பாவுக்குள் வைக்க வேண்டும்.

கே: கைதவறி விழுந்து காம்பாக்ட் சுக்குநூறு. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அழுகையாக வருகிறது.
– வங்கி ஊழியர், விருத்தாசலம்

ப: அழாதீர்கள், கண்ணீர் பட்டால்தான் நிஜமாகவே கெட்டுப்போகும். இதை இன்று ராத்திரியே சரிசெய்யலாம்.

மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். 70 சதவீதம் போதும், 90-க்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. தீப்பிடிக்கும் சரக்கு, அடுப்பு எரியும் இடத்தில் திறக்காதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். உடைந்ததையெல்லாம் தட்டுக்குள்ளேயே போட்டு, ஸ்பூனின் முதுகால் கட்டியில்லாமல் பொடியுங்கள். இங்கே சோம்பல்பட்டால், விட்ட கட்டி நாளைக்கு முகத்தில் கோடு போடும். சொட்டுச் சொட்டாக ஆல்கஹால் விட்டுக் கலந்து, குழைத்த சந்தனத்தின் பதம் வந்ததும் நிறுத்துங்கள். மேலே மினுங்கும் ஈரம் மறையும் வரை சில நிமிடம் பொறுத்து, டிஷ்யூ காகிதத்தை மடித்து மேலே வைத்து, அடி தட்டையான ஏதாவது ஒன்றால் நேராக அழுத்துங்கள். ஐ ஷேடோ என்றால் நாணயம் போதும். காகிதம் நனைந்தால் மாற்றுங்கள். நனையாமல் வரும்போது வேலை முடிந்தது. மூடாமல் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

ஆல்கஹால் எதையும் ஒட்டுவதில்லை. துகள்களை நனைத்து நெருங்க வைத்துவிட்டு, பறந்து போய்விடும். நெருங்கியவற்றை ஏற்கெனவே உள்ளே இருக்கும் பைண்டர் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீர், பன்னீர், கற்றாழை எதுவும் இதற்கு ஆகாது. எண்ணெய் கலந்த பவுடரில் தண்ணீர் சரியாக ஏறாது. ஏறியது சீக்கிரம் காயாது. காயாத இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கை கழுவும் சானிட்டைசர் ஜெல்லும் வேண்டாம், அதிலுள்ள பசை உள்ளேயே தங்கிவிடும்.

பழைய காம்பாக்ட் அப்படியே திரும்பிவிடும் என்று சொல்லமாட்டேன். முன்பைவிட இறுக்கமாக இருக்கும், நிறம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். இரண்டு மூன்று நிறம் கோலமாக இருந்த பவுடர் ஒரே நிறமாகிவிடும். குமிழ் வடிவில் சூளையில் வைத்து எடுக்கும் பேக்டு பவுடர் என்று ஒன்று உண்டு, அது இந்த வைத்தியத்துக்குச் சரிப்படாது. ஒட்டியதை இனிமேல் பயணத்தில் கொண்டுபோனால் பவுடருக்கும் பஃப்புக்கும் நடுவே மெல்லிய பஞ்சு வையுங்கள்.

கே: மெட்ராஸ் ஐ வந்து குணமாகிவிட்டது. அப்போது பூசிய ஐ ஷேடோவை இப்போது பயன்படுத்தலாமா?
– வாசகி, மதுரை

ப: கூடாது. ஐ ஷேடோ, மை, பஞ்சு நுனிக் குச்சி எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள். தங்கச்சிக்கும் கொடுக்காதீர்கள்.

கே: ஜெமினி ஸ்டுடியோ காலத்துப் 'பேன்கேக்' என்பது காம்பாக்ட்தானா?
– சினிமாப் பிரியர், சிதம்பரம்

ப: காம்பாக்ட்டுக்கு உறவுதான், ஆனால் காம்பாக்ட் இல்லை. மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனி 1930-களின் கடைசியில், டெக்னிக்கலர் படங்களுக்காகக் கொண்டுவந்தது. தட்டில் அழுத்திய அடர்த்தியான பூச்சு அது. ஈரப் பஞ்சால் தொட்டுப் போட வேண்டும். ஜெமினியில் அதை எப்படி அள்ளி அப்பினார்கள் என்பதை, அங்கேயே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியதில் படியுங்கள். சுகமான வாசிப்பு.

கே: எட்டு வயது மகளுக்குத் திருவிழாக் கடையில் ஐ ஷேடோ செட் வாங்கித் தந்தோம். பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமென்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– கவலைப்படும் தாய், கடலூர்

ப: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. டால்க் பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் கனிமம். சில சுரங்கங்களில் அதே பாறையில் ஆஸ்பெஸ்டாஸ் இழையும் சேர்ந்திருக்கும். சோதித்துத் தேர்ந்தெடுத்த டால்க்கில் பிரச்சினை இல்லை, சோதிக்காத டால்க்கில்தான் ஆபத்து. 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், சிறுமிகளையும் பதின்வயதுப் பெண்களையும் குறிவைத்து விற்ற அழகுப் பொருள்களில் சிலவற்றைச் சோதித்தது. ஒரு ஐ ஷேடோ, ஒரு காம்பாக்ட் பவுடர் உட்பட அவற்றுள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததை உறுதிசெய்து எச்சரித்தது. அந்த இழை தோலில் படுவதைவிட, மூச்சோடு நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. ஐ ஷேடோ மூக்குக்கு எவ்வளவு பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்த்தோ தொட்டோ நாம் அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில் நுண்ணோக்கி வேண்டும். நாம் செய்யக்கூடியது அட்டையைப் படிப்பது. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். திருவிழாக் கடை செட்டில் இதெல்லாம் இல்லாவிட்டால், குழந்தை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள். ஒருமுறை, இருமுறை பூசியதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் தொடராமல் இருப்பதே முக்கியம். வேஷம் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், பவுடரை விட்டுவிட்டு, ஒழுங்கான அட்டை உள்ள, தூளாகப் பறக்காத கிரீம் வகையை வாங்கிக் கொடுங்கள்.

கே: தீர்ந்த ஐ ஷேடோ தட்டுகளைக் காந்தப் பெட்டியில் அடுக்க நினைத்தேன். சில ஒட்டுகின்றன, சில ஒட்டவில்லை.
– சேமிப்புப் பிரியை, சேலம்

ப: ஒட்டுவது தகரம், ஒட்டாதது அலுமினியம். ஒட்டாததன் முதுகில் மெல்லிய இரும்புத் தகடு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுங்கள். அதற்கு முன்னால் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.